வகுப்புச் சுற்றுலா: பஸ் காசையும் சாப்பாட்டுக் காசையும் பங்கிட்டுப் பெற்றோருக்கு எழுதுவது எப்படி

"சுற்றுலாவுக்கு ஒரு பிள்ளைக்கு 3,000 ரூபா. வெள்ளிக்கிழமைக்குள் தரவும்." வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு வரி போடுவது சுலபம். போட்ட பிறகுதான் கேள்விகள் வரும். பஸ்ஸுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு? என்ர பிள்ளை வீட்டுச் சாப்பாடு கொண்டு வந்தால் குறைப்பீர்களா? கடைசி நேரத்தில் காய்ச்சல் வந்தால் காசு திரும்புமா? ரீச்சர்மாரின் சாப்பாட்டுக்கு யார் கட்டுவது? இவற்றுக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லத் தொடங்கினால் குழு சண்டைக்களமாகிவிடும், ஆறு பிள்ளைகள் கடைசி வாரத்தில் விலகுவார்கள், பஸ் காசில் விழுந்த குறையை ஏற்பாட்டாளர் தன் கைக்காசில் கட்ட வேண்டி வரும்.

முதல் செய்தியையே சரியாக எழுதினால் இதில் பெரும்பகுதி வராது. அதை எழுதும் முறை இது. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போய்வரும் ஒருநாள் சுற்றுலாவை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன்: சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக ஏ-32 வீதியில் போய், திருக்கேதீச்சரம், மன்னார்க் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம் பார்த்து, இரவுக்கு முன் திரும்புவது. வகுப்பில் 38 பிள்ளைகள். கூடப் போவது மூன்று ஆசிரியர்கள், இரண்டு பெற்றோர். கீழே வரும் ரூபாத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை. உங்களுக்குக் கிடைக்கும் விலைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. அனுமதி முதலில், காசு பிறகு

அதிபர் சம்மதிக்கும் முன் குழுவில் தொகை போடக்கூடாது. வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கு விண்ணப்பம் பாடசாலை வழியாகத்தான் போகும். அதோடு பயணத்திட்டம், போகிறவர்களின் பெயர்ப்பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதங்கள், பஸ்ஸின் ஆவணப் பிரதிகள் எல்லாம் தேவைப்படும். குறைந்தது ஐந்து வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

அதிபரிடம் இரண்டு விடயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காசை யார் பெறுவது: வகுப்பாசிரியரா, பாடசாலை அபிவிருத்திச் சங்கமா, பெற்றோர் பொறுப்பாளரா? எந்தப் பற்றுச்சீட்டில் பெறுவது? அதிபருக்குத் தெரியாமல் பெற்றோர் ஒருவர் தன் வங்கிக் கணக்கில் சேர்த்தால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிறகு கேள்வி வரும்.

திகதியையும் இப்போதே தீர்மானியுங்கள். சனிக்கிழமை என்றால் ரியூசன் வகுப்புகள் மோதும், ஆகவே திகதியை முன்கூட்டியே சொன்னால்தான் பெற்றோர் ஒழுங்குபடுத்துவார்கள். மன்னார்ப் பக்கம் போவதானால் மடுத் திருவிழா நாட்களை, அதாவது யூலை 2, ஆகஸ்ட் 15 ஆகியவற்றை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள். சிவராத்திரிக் காலத்தில் திருக்கேதீச்சரத்திலும் சன நெருக்கம். அந்த நாட்களில் பஸ் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் கூலி கூடும்.

2. பஸ்ஸுக்கு எழுத்தில் விலை வாங்குங்கள்

தொலைபேசியில் "எழுபத்தஞ்சு எண்பதுக்குள்ள வரும்" என்று சொல்வது விலை அல்ல. குறைந்தது இரண்டு இடங்களில் எழுத்தில் வாங்குங்கள். தனியார் உரிமையாளர்களோடு, கோண்டாவிலில் உள்ள இ.போ.ச. யாழ். சாலையிலும் விசேட சேவைக்குக் கேட்டுப் பார்க்கலாம். வடமராட்சிக்காரருக்குப் பருத்தித்துறைச் சாலையும், தீவுப்பகுதிக்காரருக்குக் காரைநகர்ச் சாலையும் பக்கம்.

கேட்கும்போது கூலியை மட்டும் கேளாமல், அந்தக் கூலிக்குள் என்னென்ன அடங்கும் என்று கேளுங்கள். டீசல் உள்ளடக்கமா? சாரதிக்கும் உதவியாளருக்கும் படிக்காசு தனியா? எத்தனை கிலோமீற்றர் வரை இந்தக் கூலி, அதற்கு மேல் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு? பஸ் நிற்கும் இடத்திலிருந்து பாடசாலைக்கு வரும் வெறும் ஓட்டமும் கணக்கில் சேருமா? வழமையான வழித்தடத்தில் ஓடுகிற தனியார் பஸ் என்றால் சுற்றுலாவுக்கென்று தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அதை யார் எடுப்பது, கட்டணம் யாருடையது? பழுதானால் மாற்று பஸ் தருவார்களா? முற்பணம் எவ்வளவு, நாங்கள் நிறுத்தினால் அது திரும்புமா?

வெறும் ஓட்டத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் ஏறக்குறைய 110 கிலோமீற்றர் என்று வைத்து, போகவர 220 என்று பேசி முடிப்பார்கள். ஆனால் பஸ் நெல்லியடியில் நிற்கும். அங்கிருந்து வருவதும் திரும்பிப் போவதும், மன்னாரில் இடத்துக்கு இடம் ஓடுவதும் சேர்ந்து 280 ஆகிவிடும். கூடிய 60 கிலோமீற்றருக்கும் இரவில் இறங்கும்போது கைக்காசு கேட்பார்கள். ஆகவே 280 என்றே பேசி, அதையே எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று டீசல் விலை. எரிபொருள் விலை அடிக்கடி திருத்தப்படுகிறது. மே மாதம் விலை பேசி யூனில் போவதானால், "விலை ஏறினாலும் இந்தக் கூலிதான்" என்றோ "ஏறினால் இவ்வளவுதான் கூடும்" என்றோ ஒரு வரி எழுதி வாங்கவேண்டும்.

வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை முற்பணம் கொடுக்கும்போதே வாங்குங்கள். முற்பணம் கையைவிட்டுப் போன பிறகு கேட்டால் நாளைக்கு, நாளையின்றைக்கு என்று இழுபடும், அனுமதி விண்ணப்பமும் அதற்காகக் காத்துக் கிடக்கும்.

எங்கள் எடுத்துக்காட்டில் 49 இருக்கை பஸ், டீசலும் படிக்காசும் அனுமதிப்பத்திரமும் உட்பட, 280 கிலோமீற்றர் வரை 78,000 ரூபா. முற்பணம் 25,000, அது திரும்பாது.

3. சாப்பாட்டை எங்கே வாங்குவது என்று முடிவெடுங்கள்

மூன்று நேரம் என்று வையுங்கள்: காலைப் பார்சல், மதியச் சோறு, பின்னேரத் தேநீரும் வடையும்.

காலைப் பார்சலை யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொண்டு போகவேண்டும். பூநகரி தாண்டினால் 38 பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு தரக்கூடிய கடையை வழியில் நம்பக்கூடாது. இடியப்பத்துக்குச் சொதி வேண்டாம். பை ஓட்டையாகி இருக்கையெல்லாம் ஊறும். இடியப்பமும் கட்டிச் சம்பலும், அல்லது ரொட்டியும் சம்பலும் போதும். காலை எட்டரைக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதைப் பயணத்திட்டத்திலேயே எழுதுங்கள்.

மதியச் சோற்றை மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து கட்டிக்கொண்டு போகவேண்டாம். அதிகாலை நாலு மணிக்குக் கட்டிய பார்சல், தேங்காய்ப்பால் விட்ட கறியோடு, சோளகக் காலத்து வெக்கையில் மூடின பஸ்ஸுக்குள் ஒன்பது மணித்தியாலம் கிடந்தால் புளித்துவிடும். விலை நூறு ரூபா குறைவு என்று யாராவது சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்கக்கூடாது. மன்னார் நகரில் உள்ள சாப்பாட்டுக் கடை ஒன்றில் முன்கூட்டியே சொல்லி, ஒரு மணிக்குச் சூடாக எடுப்பதே பாதுகாப்பு. மூன்று நாள் முன்னதாக எண்ணிக்கை சொல்வதாகவும், அதற்கு மேல் இரண்டு பார்சல் கூடிக் குறையலாம் என்றும் பேசிவையுங்கள்.

கோயிலுக்குப் போகும் நாள் என்பதால் எல்லாருக்கும் சைவம் என்று முடிவெடுத்தால் விலையும் ஒன்றாகும், பார்சல் மாறிப்போகும் குழப்பமும் இல்லை. ஒவ்வாமை, மருந்து, வேறு கட்டுப்பாடு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுச் சாப்பாட்டை அனுமதியுங்கள். "விரும்பினால் கொண்டு வரலாம்" என்று பொதுவாகத் திறந்துவிட்டால் எண்ணிக்கை கடைசிவரை நிற்காது.

விலை: காலை 250, மதியம் 450, பின்னேரம் 150. ஆளுக்கு 850 ரூபா. தண்ணீருக்குச் சிறு போத்தல்கள் வாங்குவது வீண் செலவு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு லீற்றர் போத்தல் நிரப்பிக்கொண்டு வர, 19 லீற்றர்க் கான் இரண்டு பஸ்ஸில் இருந்தால் போதும்.

4. கணக்கு: எது மாறும், எது மாறாது

செய்தியின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, இதில் அவசரப்படாதீர்கள்.

சாப்பாட்டுச் செலவு பிள்ளையோடு கூடும், பிள்ளையோடு குறையும். ஒருவர் வராவிட்டால் 850 ரூபாச் செலவும் இல்லை. பஸ் அப்படியல்ல. 38 பேர் ஏறினாலும் 30 பேர் ஏறினாலும் 78,000தான். ஆசிரியர்கள், உதவிக்கு வரும் பெற்றோர், சாரதி, உதவியாளர் ஆகிய ஏழு பேரின் சாப்பாடும் மாறாத செலவே: 7 × 850 = 5,950. தண்ணீர்க் கான், முதலுதவிப் பொருட்கள், குப்பைப் பை, வாந்திப் பை, சில்லறைச் செலவு என்று 3,050 வைத்தால், மாறாத செலவு மொத்தம் 87,000 ரூபா.

பொதுவாக விடும் பிழை, இந்த 87,000ஐ வகுப்பின் முழு எண்ணிக்கையால் பிரிப்பது. 38 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 2,290 வரும். 850ஐக் கூட்டி 3,140 என்று அறிவிப்பார்கள். மலிவாகத் தெரியும். ஆனால் 38 பேரும் வருவது அரிது. ஒருவருக்குச் சோதனை, ஒருவருக்கு வீட்டில் விசேஷம், ஒருவருக்கு அம்மை. 32 பேர் வந்தால் மாறாத செலவுக்குச் சேர்ந்தது ஏறக்குறைய 73,300தான் இருக்கும். 13,700 ரூபா குறை. அதைப் போகும் வாரத்தில் இன்னும் 430 ரூபா தாருங்கள் என்று கேட்டால், குறைகாசு கேட்கிறார்கள் என்றுதான் பெயர் வரும்.

ஆகவே கட்டாயம் வருவார்கள் என்று நம்பக்கூடிய எண்ணிக்கையால் பிரியுங்கள். வகுப்பாசிரியரைக் கேட்டால் அவருக்கு அது தெரியும். இங்கே 32 என்று வைப்போம். 87,000 ஐ 32 ஆல் பிரித்தால் 2,718.75. அதை 2,750 ஆக்குங்கள். சாப்பாடு 850. மொத்தம் 3,600.

இந்தத் தொகையை மூன்று நிலைகளில் சோதித்துப் பாருங்கள். 32 பேர் வந்தால் சேருவது 115,200, செலவு 114,200. ஆயிரம் ரூபா மிஞ்சும். 36 பேர் வந்தால் சேருவது 129,600, செலவு 117,600. மிச்சம் 12,000, ஆளுக்கு 333 ரூபா திரும்பும். 30 பேராகக் குறைந்தால் சேருவது 108,000, செலவு 112,500. 4,500 ரூபா குறை, ஆளுக்கு 150 கூட வேண்டிவரும். அந்த 150ஐ முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். முன்னே சொன்ன 150க்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

30க்கும் குறைந்தால் சிறிய வாகனம் எடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். ரோசா, கோஸ்டர் போன்றவற்றில் முப்பதுக்குள்தான் இருக்கைகள். கூடப் போகும் ஐந்து பெரியவர்களுக்கு இடம் போனால் பிள்ளைகளுக்கு 24 அளவில்தான் மிஞ்சும். இரண்டு பேர் இருக்கையில் மூன்று பிள்ளைகளை இருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

5. செய்தி எழுதுவது

ஒரு செய்தியில் தொகை, பிரிப்பு, திகதிகள், விலகினால் என்ன, காசு கஷ்டம் என்றால் என்ன, மிச்சம் என்னாகும் என்ற ஆறும் இருக்கவேண்டும். அதற்கு மேல் வேண்டாம். உடுப்பு, தொப்பி, கொண்டுவர வேண்டிய பொருட்கள் எல்லாம் வேறு செய்தி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் "வெள்ளைச் சப்பாத்தா?" என்ற கேள்வி நாற்பது பதில்களுக்குள் காசுத் திகதியைப் புதைத்துவிடும்.

காசை இரண்டு தடவையாகக் கேளுங்கள். நாள்கூலிக்குப் போகும் வீட்டில் 3,600 ஐ ஒரே நாளில் எடுத்து வைப்பது கடினம். முதல் 1,000 வந்தால்தான் அந்தப் பிள்ளை எண்ணிக்கையில் சேரும். கட்டைவிரல் படம் போட்டதை வருகையாக எண்ணாதீர்கள். 32 பேர் முதல் தவணை கட்டினால் 32,000 சேரும், பஸ் முற்பணம் 25,000 அதிலேயே அடங்கும். யார் கைக்காசும் போட வேண்டியதில்லை.

சுற்றுலா யூன் 20 சனிக்கிழமை என்றால், மே 18 அன்று போட வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

> அன்பான பெற்றோருக்கு வணக்கம்.
>
> எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் மன்னார்ச் சுற்றுலாவுக்கு அதிபர் சம்மதம் தந்துள்ளார். நாள்: யூன் 20, சனிக்கிழமை. காலை 5.00 மணிக்குப் பாடசாலை வாசலில் புறப்பட்டு இரவு 8.00 மணியளவில் திரும்புவோம். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக்கு விண்ணப்பிக்கிறோம்.
>
> ஒரு பிள்ளைக்கு 3,600 ரூபா என்று முன்மொழிகிறோம்.
> பஸ்ஸும் பொதுச் செலவும்: 2,750
> மூன்று நேரச் சைவச் சாப்பாடு: 850
>
> பஸ் கூலி 78,000 ரூபா. கூட வரும் ஆசிரியர்கள், பெற்றோர், சாரதி, உதவியாளர் ஆகிய ஏழு பேரின் சாப்பாடு, தண்ணீர், முதலுதவி எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 87,000 ரூபா. இதை 32 பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்துப் பிரித்துள்ளோம். கூடுதலான பிள்ளைகள் வந்தால் மிச்சக் காசு எல்லாருக்கும் சமமாகத் திரும்பும். 30 ஆகக் குறைந்தால் ஆளுக்கு 150 ரூபா கூடும். அதற்கும் குறைந்தால் உங்களைக் கேட்ட பிறகே முடிவெடுப்போம்.
>
> முதல் தவணை 1,000 ரூபா: மே 25 திங்களுக்குள்.
> மிகுதி 2,600 ரூபா: யூன் 5 வெள்ளிக்குள்.
> வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.
>
> விலக நேர்ந்தால்: மே 25 வரை முழுத் தொகையும் திரும்பும். பிறகு பஸ் முற்பணம் கட்டிவிடுவதால் முதல் தவணை திரும்பாது. யூன் 5 இற்குப் பிறகு பஸ் பங்கு திரும்பாது. சாப்பாட்டுக் காசு 850 யூன் 17 வரை திரும்பும். பஸ் பங்கு முழுதும் கட்டி, நோயினால் வரமுடியாமல் போன பிள்ளைக்கும் கடைசி மிச்சத்தில் பங்கு உண்டு. அனுமதி கிடைக்காவிட்டால், பஸ்ஸுக்குக் கொடுத்த முற்பணம் தவிர எல்லாம் திரும்பும்.
>
> தொகை சிரமமாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். காசுக்காக எந்தப் பிள்ளையும் நிற்க வேண்டாம். கூடுதலாகத் தர விரும்புவோரும் அவரிடமே கொடுக்கலாம். பெயர்கள் வெளியே வராது.
>
> இதில் மாற்றம் வேண்டுமென்றால் மே 21 வியாழனுக்குள் சொல்லுங்கள். அன்றிரவு இறுதி முடிவை அறிவிப்போம்.
>
> (உங்கள் பெயர், பிள்ளையின் பெயர்)

"முன்மொழிகிறோம்" என்ற சொல்லும் கடைசியில் உள்ள மூன்று நாள் அவகாசமும் சும்மா போட்டவை அல்ல. முடிவெடுத்துவிட்டு அறிவித்தால் குழுவில் எதிர்ப்பு வரும். கேட்டு, நாள் குறித்து, பிறகு முடித்தால், பிந்தி வரும் ஆட்சேபத்துக்கு "வியாழன் வரை கேட்டோமே, அக்கா" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

பஸ் கூலியை ரூபாவில் வெளிப்படையாக எழுதச் சிலர் தயங்குவார்கள். எழுதுங்கள். யாராவது இதைவிடக் குறைவாகத் தெரிந்த பஸ் இருக்கிறது என்றால் அந்த மூன்று நாளுக்குள் எழுத்தில் விலை கொண்டு வரட்டும். அது எல்லாருக்கும் நல்லது. ஆசிரியர்களின் சாப்பாடு பெற்றோர் பங்கில் இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். விடுமுறை நாளில் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சோறு போட யாரும் மறுக்கமாட்டார்கள். மறைத்து வைத்துப் பிறகு வெளியே வந்தால்தான் அது குற்றமாகத் தெரியும்.

6. காசு சேர்க்கும்போது

பிள்ளையின் கையில் காசு கொடுத்தனுப்புவதானால் மூடிய உறையில், மேலே பெயரும் இடாப்பு இலக்கமும் தொகையும் எழுதச் சொல்லுங்கள். வங்கியில் போடுவதற்கு அதிபர் சம்மதித்திருந்தால், குறிப்பில் வகுப்பும் இடாப்பு இலக்கமும் மட்டும், உதாரணமாக 9B 17 என்று, போடச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். அப்பா, மாமா, வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா என்று யார் யாரோ அனுப்புவார்கள். அனுப்புகிறவரின் பெயரை வைத்து எந்தப் பிள்ளையின் காசு என்று கண்டுபிடிக்க முடியாது.

கட்டியவர், கட்டாதவர் பெயர்ப்பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. காசு கஷ்டத்தில் இருக்கும் வீடு அந்தப் பட்டியலைப் பார்த்தால், உதவி கேட்பதைவிடப் பிள்ளையை நிறுத்துவதே மேல் என்று முடிவெடுத்துவிடும். "இதுவரை 27 பிள்ளைகளின் முதல் தவணை கிடைத்துள்ளது, நன்றி" என்று எண்ணிக்கை மட்டும் போடுங்கள். மிகுதிப் பேருக்குத் தனித்தனியாக ஒரு வரி: "வணக்கம் அண்ணா, சுற்றுலாவின் முதல் தவணைக்கு நாளை கடைசி நாள். வசதிப்படாவிட்டால் ரீச்சரோடு கதைக்கலாம்."

உதவித்தொகை தருபவர்கள் எப்போதும் இருப்பார்கள். பழைய மாணவர் ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு என்று 7,200 தரலாம். அதை வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளைகளின் பெயரிலேயே மற்றவர்களைப் போலப் பற்றுச்சீட்டு எழுதிப் பதியட்டும். கணக்கில் அவர்கள் கட்டிய பிள்ளைகள்தான்.

பஸ்ஸில் ஆறு இருக்கை வெறுமையாக இருப்பது தெரிந்தால் தம்பி, தங்கையையும் கூட்டிவரலாமா என்று கேட்பார்கள். அனுமதிக்கு அனுப்பிய பெயர்ப்பட்டியலில் இல்லாத எவரையும் ஏற்றக்கூடாது. ஏதும் நடந்தால் பொறுப்பு ஆசிரியரின் தலையில் விழும்.

7. போகும் வாரம்

யூன் 17 இரவு சாப்பாட்டு எண்ணிக்கையை மூடிவிடுங்கள். காலைப் பார்சல்காரருக்கும் மன்னார்க் கடைக்கும் அன்றே ஒரே எண்ணைச் சொல்லி, அதைச் செய்தியாகவும் அனுப்புங்கள். பஸ் உரிமையாளருக்குப் புறப்படும் நேரத்தையும் கிலோமீற்றர் எல்லையையும் திரும்ப எழுதி அனுப்புங்கள். புறப்படும்போதும் பாடசாலை வாசலில் இறங்கும்போதும் கிலோமீற்றர் மானியைப் படம் எடுங்கள். வெறும் ஓட்டத்துக்கு எவ்வளவு என்று முன்பே பேசியிருப்பதால், கூடுதல் ஓட்டம் என்ற பேச்சு வந்தால் அந்த இரண்டு படமும் போதும்.

பஸ் மிகுதி 53,000 ரூபாவைத் திரும்பி வந்து இறங்கிய பிறகே கொடுப்பதாக முன்பே பேசிவையுங்கள். பாதி வழியில் டீசலுக்குக் காசு கேட்டால், ஒப்பந்தத்தில் டீசல் உள்ளடக்கம் என்று காட்டுங்கள். கட்டாயம் கொடுக்க நேர்ந்தால் சாரதியிடம் கையெழுத்து வாங்கி மிகுதியில் கழியுங்கள்.

8. கணக்குக் காட்டுதல்

நான்கு நாளுக்குள் கணக்கைப் போடுங்கள். 35 பிள்ளைகள் முழுதும் கட்டி, அவர்களில் ஒருவர் யூன் 15 இல் காய்ச்சலால் விலகியதாக வைத்தால், கணக்கு இப்படி வரும்:

> வரவு: 35 × 3,600 = 126,000
> விலகிய பிள்ளைக்குத் திருப்பிய சாப்பாட்டுக் காசு: 850
> கையிருப்பு: 125,150
>
> பஸ்: 78,000
> பிள்ளைகளின் சாப்பாடு 34 × 850: 28,900
> ஆசிரியர், பெற்றோர், சாரதி, உதவியாளர் சாப்பாடு: 5,950
> தண்ணீர், முதலுதவி, சில்லறை: 3,050
> மொத்தச் செலவு: 115,900
>
> மிச்சம்: 9,250. விலகிய பிள்ளை உட்பட 35 பேருக்கும் 260 ரூபா வீதம் 9,100 திரும்புகிறது. மீதி 150 ரூபா வகுப்பு முதலுதவிப் பெட்டிக்கு.

பற்றுச்சீட்டுகளின் படங்களைக் கணக்கின் கீழே போடுங்கள். மிச்சத்தை "அடுத்த சுற்றுலாவுக்கு வைப்போம்" என்று தீர்மானிக்க உங்களுக்கு உரிமை இல்லை, 260 ரூபாவானாலும் உறையில் போட்டுத் திருப்புங்கள். வேண்டாம் என்கிறவர் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுவார், அது அவர் விருப்பம். பஸ் ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டு அடிக்கட்டையையும் கணக்குத் தாளோடு சேர்த்துக் கட்டி, அதிபரிடம் கையெழுத்து வாங்கிப் பாடசாலையிலேயே வையுங்கள்.